ஒற்றைக் கம்பிப் பதமும் ஒரு கரண்டிக் கரியும்

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தீபாவளி விடுமுறைக்கு முன்னால் அறிவியல் தேர்வுத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். "சர்க்கரைக் கரைசல் என்பது தனிமமா, சேர்மமா, கலவையா? காரணம் கூறு" என்று ஒரு கேள்வி. அவள் எழுதியிருந்த பதில்: "சேர்மம். ஏனென்றால் சர்க்கரை நீரோடு ஒன்றாகி, கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது." சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. மதிப்பெண் பூச்சியம்.

பதில் தவறுதான். ஆனால் அந்தக் காரணத்தை அவளாக யோசித்து எழுதியிருக்கிறாள். கண்ணுக்குத் தெரியாமல் போனால் ஒன்றாகிவிட்டது என்றுதானே யாருக்கும் தோன்றும்? "தனித்தன்மை மாறாமல் கலந்திருப்பது கலவை" என்ற வரையறை அவளுக்கு மனப்பாடம். அந்தத் தனித்தன்மை எங்கே இருக்கிறது, அது மாறவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் யாரும் அவளுக்குக் காட்டாதது. நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள். காட்டியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

அந்த வாரம் என் அம்மா மைசூர்பாகு கிளற வந்திருந்தார். அடுப்பில் சீனிப்பாகு கொதித்துக்கொண்டிருந்தது. பாட்டி கரண்டியிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்துப் பார்த்தார். மெல்லிய ஒரு நூல் வந்து அறுந்தது. "ஒத்தக் கம்பி வந்துட்டு, மாவப் போடு" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது, இந்தப் பாடம் முழுவதும் அந்தச் சட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று.

மறுநாள் நாங்கள் மூன்று பேரும் ஒரு பழைய அடிகனமான சட்டியோடு உட்கார்ந்தோம். சமையலறைத் தராசில் சட்டியை வைத்து பூச்சியம் ஆக்கிக்கொண்டோம். அதில் 100 கிராம் சீனி, 50 மில்லி தண்ணீர். தராசு 150 காட்டியது. கிளறினோம், இளஞ்சூட்டில் சீனி முழுக்கக் கரைந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, தெளிந்த நீர் மாதிரி இருந்தது. "இப்ப இது ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டேன். "ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்றாள். சரி, தராசைக் கேட்போம் என்று அடுப்பை மூட்டினோம்.

கொதிக்கக் கொதிக்க ஆவி போகிறது. போவது தண்ணீர் மட்டும்தான். சீனி ஆவியாகாது. அப்படியென்றால் சட்டியில் எப்போதும் 100 கிராம் சீனி இருக்கிறது, குறைவதெல்லாம் தண்ணீர். பாட்டி ஒற்றைக் கம்பிப் பதம் என்று சொன்னதும் சட்டியைத் தராசில் வைத்தோம். 125-ஐ ஒட்டிக் காட்டியது. அதாவது 100 சீனி, 25 தண்ணீர். பாகில் ஐந்தில் நான்கு பங்கு சீனி. மறுபடி அடுப்பில் வைத்தோம். குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டால் விரலால் உருட்ட வருகிற உருட்டுப் பதம் வந்தபோது ஏறத்தாழ 118. இன்னும் கொஞ்சம் விட்டு, தண்ணீரில் விட்டதும் 'டக்'கென்று உடைகிற கெட்டிப் பதத்தில் 101. பாகு கரண்டியிலும் சட்டி விளிம்பிலும் ஒட்டுவதால் ஒன்றிரண்டு கிராம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் போக்கு தெளிவாகத் தெரியும்.

மகள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். 150, 125, 118, 101. இந்த எண்கள் எல்லாமே ஒரே கலவையின் வெவ்வேறு விகிதங்கள். பதம் என்று நம் வீடுகளில் சொல்வது இந்த விகிதத்தைத்தான். ஒற்றைக் கம்பி, இரட்டைக் கம்பி, உருட்டுப் பதம் என்று விகிதத்துக்கு விகிதம் பெயர் வைத்திருக்கிறோம். தராசு இல்லாமல், விரல் நுனியில் இழுத்துப் பார்த்தே அளந்திருக்கிறார்கள். கலவையின் முதல் அடையாளம் இதுதான்: அதற்கு இத்தனைக்கு இத்தனை என்று விதி கிடையாது. கொஞ்சம் அதிகம், கொஞ்சம் குறைவு, எல்லாம் பாகுதான்.

இரண்டாவது அடையாளம், திரும்பி வர முடியும். கெட்டிப் பதம் பார்க்கத் தண்ணீரில் விட்டு உடைத்த சொட்டையே எடுத்து, கொஞ்சம் வெந்நீரில் போட்டுக் கலக்கினோம். மறுபடியும் தெளிந்த சீனித் தண்ணீர். அதே இனிப்பு. தண்ணீர் போனது, தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். சீனி கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நேரத்திலும் சீனியாகவே இருந்திருக்கிறது. கண் அதைக் காட்டவில்லை, நாக்கு காட்டியது.

இங்கே அவள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "ஆனா ஒரு டம்ளர் தண்ணில சீனியப் போட்டுக்கிட்டே இருந்தா ஒரு கட்டத்துக்கு மேல கரையாதே. அப்ப அதுவும் நிலையான விகிதம்தானே?" இல்லை. அது உச்ச வரம்பு. அறை வெப்பநிலையில் 100 மில்லி தண்ணீரில் சுமார் 200 கிராம் சீனி கரையும், உப்பென்றால் சுமார் 36 கிராம்தான். அதற்கு மேல் போட்டால் அடியில் தங்கும். ஆனால் அந்த வரம்புக்குக் கீழே 1 கிராமும் போடலாம், 87 கிராமும் போடலாம். சூடாக்கினால் வரம்பே உயர்ந்துவிடும். கல்கண்டு செய்வது இதை வைத்துத்தான்: சூட்டில் நிறையக் கரைத்து, ஆறவிட்டால், கூடுதலாக இருக்கும் சீனி நூலில் படிகமாக ஒட்டிக்கொள்கிறது. சேர்மத்துக்கு வரம்பு என்ற பேச்சே இல்லை, ஒரே ஒரு விகிதம்தான் உண்டு. அதைக் காட்டத்தான் சட்டியை மறுபடி அடுப்பில் வைத்தோம்.

இனி நடந்ததைப் பெரியவர்கள் கூட இல்லாமல் செய்யக் கூடாது. இந்தக் கட்டத்தில் பாகின் சூடு 150 டிகிரிக்கு மேல். ஒரு சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், கொதிநீரைவிட மோசம். இந்தச் சூட்டில் தண்ணீர் ஊற்றினாலும் தெறிக்கும்.

101-க்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் பாகு மஞ்சளானது, பொன்னிறமானது, பழுப்பானது. மணம் மாறியது. சுட்ட சீனி வாசம் வீடு முழுக்க. உடனே இறக்கித் தராசில் வைத்தோம். 95.

அவள் அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தாள். "அம்மா, நாம போட்ட சீனியே 100 கிராம்தானே?"

நான் காத்திருந்த கேள்வி. ஊற்றிய 50 மில்லி தண்ணீரும் போய்விட்டது. அதற்குப் பிறகும் எடை குறைகிறது என்றால், இப்போது போவது சீனியிலிருந்தே போகிறது. கலவை பிரிந்து முடிந்து, சேர்மம் உடையத் தொடங்கிவிட்டது. தராசில் 100-க்கு மேலே நடந்ததெல்லாம் ஒரு கதை, 100-க்குக் கீழே நடப்பது வேறு கதை. பழுப்பான பாகை ஆறவிட்டு எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் அது வெள்ளைச் சீனியாகத் திரும்பாது. தண்ணீரும் பழுப்பாகத்தான் ஆகும், நாக்கில் லேசான கசப்பு தங்கும்.

சீனியிலிருந்து என்ன போகிறது என்று பார்க்க, தண்ணீரே சேர்க்காமல் இன்னொரு சோதனை செய்தோம். காய்ந்த பழைய கரண்டியில் ஒரு தேக்கரண்டி சீனி, அவ்வளவுதான். சிறு தீயில் பிடித்துக்கொண்டு, ஃபிரிட்ஜில் வைத்திருந்த எவர்சில்வர் மூடியை நன்றாகத் துடைத்துவிட்டு மேலே காட்டினேன். சீனி உருகி, பழுப்பாகி, பொங்கி, புகைந்தது. மூடியின் அடியில் முத்து முத்தாக நீர்த்துளிகள். அடுப்புத் தீயிலிருந்தும் நீராவி வரும், அதனால் சுடர் மூடியைத் தொடாமல் ஓரமாகப் பிடிக்க வேண்டும். மின் அடுப்பில் செய்தால் அந்தச் சந்தேகமும் இல்லை. கரண்டியில் கடைசியாக மிஞ்சியது கறுப்பாக, பஞ்சு மாதிரி ஊதிய ஒரு கட்டி. ஆறியதும் தண்ணீரில் போட்டோம். கரையவில்லை. இனிப்பும் இல்லை. கரி.

சீனியின் வாய்பாடு C₁₂H₂₂O₁₁. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது பயமுறுத்தும் எழுத்துக்கூட்டமாகத் தெரியலாம். ஆனால் சொல்வது எளிமையானது: ஒரு சீனி மூலக்கூறில் 12 கார்பன் அணுக்கள், 22 ஹைட்ரஜன் அணுக்கள், 11 ஆக்சிஜன் அணுக்கள். கரும்பிலிருந்து வந்தாலும் பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து வந்தாலும் இதே எண்ணிக்கைதான். 13 கார்பன் உள்ள "கொஞ்சம் கெட்டிச் சீனி" என்று ஒன்று கிடையாது. 100 கிராம் சீனியில் ஏறக்குறைய 42 கிராம் கார்பன், மீதி 58 கிராம் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். அந்த இரண்டும் தண்ணீரில் இருக்கும் அதே கணக்கில், ஓர் ஆக்சிஜனுக்கு இரண்டு ஹைட்ரஜன் என்று இருக்கின்றன. அதனால்தான் சூட்டில் உடையும்போது அவை தண்ணீராகச் சேர்ந்து வெளியேறுகின்றன. நிஜத்தில் நடுவில் வேறு பல பொருள்களும் உண்டாகும், அந்த மணமும் புகையும் அவைதான். ஆனால் கடைசிக் கணக்கு கரியை நோக்கித்தான் போகிறது.

"அப்படின்னா கரித்தூளையும் தண்ணியையும் கலந்தா சீனி வருமா?" என்று கேட்டார் பாட்டி. கேட்டது பாட்டி, பேத்தி அல்ல. வராது. வருவது கரித்தண்ணீர், அதை வடிகட்டினால் கரி தனி, தண்ணீர் தனி. சீனிக்குள் கரி கரியாக ஒளிந்திருக்கவில்லை, தண்ணீர் தண்ணீராக ஒளிந்திருக்கவில்லை. அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து மூன்றாவதாக ஒரு பொருளாகி நிற்கின்றன. கார்பனுக்கு இனிப்பு இல்லை, ஹைட்ரஜனுக்கு இல்லை, ஆக்சிஜனுக்கும் இல்லை. இனிப்பு அந்தப் பிணைப்பில் பிறந்தது, பிணைப்பு உடைந்ததும் போய்விட்டது. பாகில் போகாத தனித்தன்மை இங்கே போய்விட்டது.

மிஞ்சிய கரியை இன்னும் சூடாக்கினால்? கனன்று, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகப் பறக்கும். அது உடைவதில்லை, இன்னொன்றோடு சேர்வது. கார்பனைக் கார்பனை விட எளிய பொருளாக எந்த அடுப்பாலும் எந்த அமிலத்தாலும் பிரிக்க முடியாது. அதனால்தான் அது தனிமம். சமையலறையில் தனிமத்தைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் பாத்திரங்களைத்தான் பார்க்க வேண்டும்: அலுமினியச் சட்டி பெரும்பாலும் அலுமினியம், செப்புக் குடம் செம்பு, ரசம் வைக்கிற ஈயச்சொம்பு உண்மையில் வெள்ளீயம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால்தான் ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்காதே என்று பாட்டி திட்டுவார். பித்தளை அப்படியல்ல, செம்பும் துத்தநாகமும் கலந்த கலவை. எவர்சில்வரும் கலவைதான்.

"உடைக்க முடியாதது தனிமம்" என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். யாரால் உடைக்க முடியாதது, எதை வைத்து? பிரான்சில் லவாய்சியே என்ற வேதியியலாளர் 1789-இல் தனிமங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதில் சுண்ணாம்பும் இருந்தது. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு இருக்கிறதே, அதை நீர் ஊற்றித் தாளிப்பதற்கு முந்தைய நிலை. எவ்வளவு சூடாக்கினாலும் அது மசியவில்லை, அதனால் தனிமம் என்று வைத்தார். 1808-இல் இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தை வைத்து அதிலிருந்து கால்சியம் என்ற உலோகத்தைப் பிரித்தெடுத்தார். சுண்ணாம்பு பட்டியலிலிருந்து இறங்கியது.

உப்பும் அப்படித்தான் ஏமாற்றும். சீனியைக் கருக்கிய அதே சூட்டில் உப்பைப் போட்டுப் பார்த்தோம். பட படவென்று வெடித்தது. படிகத்துக்குள் சிக்கியிருந்த ஈரம் ஆவியாகித் தெறிக்கும் சத்தம் அது. அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. வெள்ளையாகவே இருந்தது. "அப்ப உப்பு தனிமமா?" என்றாள். அடுப்பில் உடையவில்லை என்பதால் தனிமம் ஆகிவிடாது. உப்பு உருகவே 801 டிகிரி வேண்டும், உருகிய பிறகும் உடையாது. உருகிய உப்பில் மின்சாரம் செலுத்த வேண்டும். அப்போது ஒரு பக்கம் சோடியம், இன்னொரு பக்கம் குளோரின். சோடியம் தண்ணீரில் பட்டால் தீப்பிடிக்கிற உலோகம், குளோரின் மூச்சை அடைக்கும் மஞ்சள் பச்சை வாயு. 100 கிராம் உப்பில் 39 கிராம் முதலாவது, 61 கிராம் இரண்டாவது. இரண்டையும் தனித்தனியே வாயில் வைக்க முடியாது. சேர்ந்தால் அது இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது.

ஆனால் நம் வீட்டு உப்பு ஜாடியில் இருப்பது சேர்மமா என்று கேட்டால், கறாராகச் சொன்னால், கலவை. பாக்கெட் உப்பில் பொட்டாசியம் அயோடேட் சேர்த்திருப்பார்கள். விற்பனைக்கு வரும் அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடினாவது இருக்க வேண்டும். கடலிலிருந்து நேரே வந்த கல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கொஞ்சம் தங்கியிருக்கும். மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடி கசிந்து அடியில் தண்ணீர் நிற்கிறதே, காற்றின் ஈரத்தை அப்படி இழுப்பது முக்கியமாக அந்த மெக்னீசிய உப்புதான். தூய சோடியம் குளோரைடு அவ்வளவு எளிதில் கசியாது. தேர்வில் "உப்பு" என்று கேட்டால் சேர்மம் என்று எழுது, கேட்டவர் மனதில் சோடியம் குளோரைடுதான் இருக்கும் என்று மகளிடம் சொன்னேன். ஜாடியைக் கேட்டால் வேறு பதில்.

அன்று சாயங்காலம் பாட்டி குலாப் ஜாமூனுக்குப் பாகு வைத்தார். கொதிக்கும்போது அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்தார். எதற்கு என்று மகள் கேட்டாள். "பாகு பூக்காம இருக்கும் கண்ணு" என்றார். பூப்பது என்றால் ஆறிய பாகில் சீனி மறுபடி படிகமாகி வெள்ளையாகக் கட்டுவது.

எலுமிச்சையின் புளிப்பும் அடுப்பின் சூடும் சேர்ந்து, சீனி மூலக்கூறுகளில் ஒரு பகுதியை இரண்டாக வெட்டுகின்றன. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு நீர் மூலக்கூறு செலவாகி, குளுக்கோஸ் ஒன்றும் பிரக்டோஸ் ஒன்றும் உண்டாகின்றன. இரண்டும் புதிய சேர்மங்கள். அவை ஊடே கிடப்பதால் மீதிச் சீனி வரிசையாக அடுக்கிப் படிகமாக முடியவில்லை. இது முழுக்க வேதிமாற்றம். ஆனால் நிறம் மாறவில்லை, புகையில்லை, கரியில்லை. பாகு காலையில் பார்த்த பாகு மாதிரியே தெளிவாக இருந்தது. நாக்குக்கும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. காலையில் கண்ணுக்குத் தெரியாமல் போன சீனி சீனியாகவே இருந்தது. இப்போது கண்ணுக்கு ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும்போதே கொஞ்சம் சீனி சீனியாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

மகள் இரண்டு சின்னக் கிண்ணங்கள் எடுத்துவந்தாள். ஒன்றில் எலுமிச்சை பிழிந்த பாகு, இன்னொன்றில் பிழியாமல் அதே பதத்துக்குக் காய்ச்சிய பாகு. இரண்டின் மேலும் பெயர் எழுதி ஒட்டி, ஜன்னல் மேடையில் வைத்தாள். மூன்றாம் நாள் பள்ளிக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தாள். பிழியாத கிண்ணத்தின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. மற்றது அப்படியே கண்ணாடி மாதிரி நின்றது.